கோட்டுக்கும் பட்டுக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம்



தை முகூர்த்தங்கள் முடிந்து, கல்யாண உடைகள் பீரோவுக்குத் திரும்பும் நேரம் இது. பல வீடுகளில் அவை கடையிலோ டிரைகிளீனிங்கிலோ கொடுத்த பிளாஸ்டிக் உறையோடே உள்ளே போகின்றன. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை நம் பக்கத்து வீடுகளுக்கு இது ஒத்துவராது என்பது என் கருத்து. அறிவியல் வாத்தியார் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தொட்டால் உலர்ந்தது போல இருக்கும் கம்பளித் துணிக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. நம் ஊர்க் காற்றில் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 15 சதவீதம் ஈரத்தைச் சாதாரணமாகவே பிடித்து வைத்திருக்கும். ஒன்றரைக் கிலோ கோட்டு சூட் என்றால் 200 கிராமுக்கு மேல், அதாவது ஒரு தம்ளர் தண்ணீர். பட்டும் அப்படித்தான், கொஞ்சம் குறைவு.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைப் பாருங்கள். கடற்கரை ரிசார்ட்டில் மாலை வரவேற்பு. மாப்பிள்ளை மூன்று மணி நேரம் கோட்டோடு நின்றார். மறுநாள் அதைப் பழைய பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு, மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவில் மாட்டிவிட்டார்கள். மதிய வெயிலில் பீரோ சூடாகும்போது துணியிலிருந்த ஈரம் ஆவியாகி உறைக்குள் நிறையும். இரவில் குளிர்ந்ததும் அதே ஈரம் உறையின் உள்பக்கத்திலும் துணியின் மேலும் படியும். வெளியே போக வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து எடுத்தபோது காலர், தோள்பட்டை, அக்குள் மூன்று இடத்திலும் வெள்ளை வட்டங்கள். தட்டினால் போய்விட்டது, நான்கு நாளில் திரும்ப வந்தது. தூசி அப்படித் திரும்பி வராது, பூஞ்சைதான் வரும். மூடின வாடையும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அக்குளில் ஏன் அதிகம்? உப்பு. வியர்வையிலும் உப்பு, கடல் காற்றிலும் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கசியும். அதனால் டிரைகிளீனிங்குக்குக் கொடுக்கும்போது, "கடற்கரையில் போட்டது, வியர்வை பட்டது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கே பயன்படும் திரவத்தில் எண்ணெய்க் கறை கரையும், உப்பு கரையாது. அந்த இடங்களைத் தண்ணீர் தொட்டுத் தனியே எடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் உறையைக் கழற்றி ஒரு நாள் நிழலில் தொங்கவிடுங்கள். அந்த உறை வழியில் தூசி படாமல் வீடு வந்து சேர்வதற்கு மட்டும்தான்.

ஜிப் வைத்த தடித்த பிளாஸ்டிக் உறை இன்னும் மோசம். பெரும்பாலும் அது பி.வி.சி. நாளானால் பிசுபிசுக்கும், லேசாக அமில ஆவியையும் விடும். காஞ்சிபுரம் ஜரிகையில் பட்டு நூலின் மேல் சுற்றியிருப்பது வெள்ளிக் கம்பி. தங்கம் அதன் மேல் மெல்லிய பூச்சுதான். ஈரமும் அமிலமும் சேர்ந்த அடைப்புக்குள் அந்த வெள்ளி கறுப்பதை யார் தடுப்பது?

சரி, எந்த உறை வாங்குவது? கடையில் "காற்றோட்டமானது" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். உறைத்துணியை வாயோடு ஒட்டி ஊதுங்கள், அந்தப் பக்கம் உள்ளங்கையில் காற்று படவேண்டும். நான்-வோவன் பைகளில் பல இதில் தேறும்; உள்ளே மினுமினுப்பாகப் பிளாஸ்டிக் ஒட்டியவை தேறாது. தேறினாலும் நான்-வோவன் சில வருடத்தில் பொடிந்து உதிரும். என் ஓட்டு வெள்ளைப் பருத்திக்குத்தான். இரண்டு பழைய வேட்டியைத் தையல்காரரிடம் கொடுத்தால் கோட்டுக்கு நீளமான உறையாகிவிடும். கஞ்சியும் நீலமும் போடாமல் துவைத்திருக்க வேண்டும், கஞ்சிக்குப் பூச்சி வரும். சாயத்துணி வேண்டாம், ஈரத்தில் நிறம் இறங்கும். பட்டுப்புடவையை மாட்டாமல் மடித்து, அதே மாதிரித் துணியில் சுற்றி வையுங்கள். ஜரிகையின் கனம் தொங்கினால் துணியை இழுக்கும்.

பருத்தி உறை ஈரத்தை உள்ளே விடாது என்று நினைக்க வேண்டாம். தாராளமாக விடும். வெளியேயும் விடும், அதுதான் வித்தியாசம். ஆகவே மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து நிழலில் காற்றாட விட்டே ஆகவேண்டும். நாள் பார்க்கப் பஞ்சாங்கம் வேண்டாம், சமையலறை உப்பு ஜாடி போதும். உப்பு நீர்விட்டிருந்தால் அன்று பீரோவைத் திறக்காதீர்கள். பொலபொலவென்று இருக்கும் நாளில் காலை பத்து மணிக்கு மேல் எடுத்து, நான்கு மணிக்குள் உள்ளே வையுங்கள்.