ஓடர் போட்டது ஒருமுறை, கோல் வருவது ஆயுளுக்கா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் ஒன்லைனில் சாமான் வாங்குகிறவர்களும், முக்கியமாக விற்கிறவர்களும் கடைசிவரை வாசிக்க வேண்டும். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். கொமென்டிலும் யாரும் ஊகித்து எழுத வேண்டாம். அந்த ஒரு கடை மட்டும் செய்கிற வேலை இல்லை இது.

பெருநாளுக்கு முன்னர் பேஸ்புக்கில் பார்த்து ஓர் அபாயா ஓடர் செய்தேன். டெலிவரியோடு 4,850 ரூபா, பார்சல் வந்ததும் காசு. பெயர், முகவரி, போன் நம்பர் கேட்டார்கள், கொடுத்தேன். நம்பர் கொடுக்காமல் கூரியர் தம்பி எப்படி வீட்டைக் கண்டுபிடிப்பார்? பார்சல் நான்காம் நாள் வந்தது. துணியும் நல்லது, தையலும் நல்லது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை அதற்குப் பிறகுதான். அடுத்த ஒரு மாதத்தில் அந்தக் கடையிலிருந்து 23 வட்ஸ்அப் மெசேஜ், 4 கோல். "புது கலெக்‌ஷன்", "இன்று மட்டும்", "கடைசி 5 பீஸ்". அந்தக் கடைசி 5 பீஸ் மூன்று வாரமாகக் கடைசி 5 பீஸாகவே இருந்தது என்பது வேறு கதை. ஒரு கோல் இரவு 9.40க்கு வந்தது. மகளைத் தூங்க வைத்துவிட்டு நாளைய பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர், தெரியாத ஆண் குரல். "மிஸ், உங்கட சைஸ் 56 தானே? அதில புதுசு வந்திருக்கு." என் உடுப்பின் அளவை ஒரு அந்நிய ஆண் இரவு பத்து மணிக்கு வாய்விட்டுச் சொல்கிறார். வியாபாரம் செய்கிற தம்பிமாரே, உங்கள் ராத்தாவுக்கு இப்படி ஒரு கோல் வந்தால் என்ன செய்வீர்கள்?

அதோடும் நிற்கவில்லை. ஒரு நாள் இடைவேளையில் போனைப் பார்த்தால் அந்தக் கடையின் வட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். கேட்கவில்லை, சொல்லவில்லை. உள்ளே 212 பேர். வட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மற்றவர்களின் நம்பர் தெரியும். பலருடைய புரொபைல் படமும் பெயரும் கூடத் தெரியும். அபாயா வாங்கிய நம் ஊர்ப் பெண்கள், பாடசாலைப் பிள்ளைகளின் உம்மாமார், என்னோடு படிப்பிக்கிற இரண்டு டீச்சர்மார், எல்லாருடைய நம்பரும் ஒரே பட்டியலில். அந்த 212 பேரில் யார் யார் என்று கடைக்காரருக்கே தெரியாது. குரூப்பில் இருந்த ஒருவர் அந்த வாரமே ஒரு தங்கச்சிக்குத் தனியாக "ஹாய்" போடத் தொடங்கிவிட்டார். நான் இதை எழுதுவதற்குக் காரணம் அந்த "ஹாய்"தான். என்னுடைய 23 மெசேஜ் ஒரு தொல்லை. அந்தப் பிள்ளைக்கு நடந்தது தொல்லையைவிடப் பெரியது.

"பப்ளிசிட்டி பண்ணாமல் எப்படி வியாபாரம் செய்வது டீச்சர்?" என்று ஒரு தம்பி கேட்டார். செய்யுங்கள். உங்கள் பேஜில் போடுங்கள், ஸ்டேட்டஸில் போடுங்கள், பார்க்க விரும்புகிறவர் பார்ப்பார். பார்சல் கொண்டுவருவதற்காகக் கொடுத்த நம்பர் அந்த வேலைக்கு மட்டுமான அமானிதம். "பார்சல் நாளை வரும், வீட்டில் இருப்பீர்களா?" என்பது அந்த ஓடரோடு சேர்ந்த மெசேஜ். பணம் பற்றி, சைஸ் மாற்றுவது பற்றிப் பேசுவதும் அப்படித்தான். "புது கலெக்‌ஷன்" என்பது அந்த ஓடரில் இல்லை. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறது. விளம்பர மெசேஜ் அனுப்ப வாங்குகிறவரின் சம்மதம் வேண்டும். நம்பரை வாங்கும்போதும், அனுப்புகிற ஒவ்வொரு மெசேஜிலும், செலவில்லாமல் எப்படி விலகலாம் என்று சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தைப் பகுதி பகுதியாகத்தான் நடைமுறைக்குக் கொண்டுவருகிறார்கள். ஆகவே நாளைக்கே வழக்குப் போடுங்கள் என்று யாரையும் கிளப்பிவிட மாட்டேன். ஆனால் "எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்கிற கடைக்காரருக்குப் பதில் இருக்கிறது.

சரி, நான் எப்படி வெளியே வந்தேன் என்று சொல்கிறேன். முதலில் ஒரு பிழை விட்டேன். அதையும் சொல்ல வேண்டும். கோபத்தில் "ஸ்டொப்" என்று ஒரே ஒரு சொல் அனுப்பினேன். பதிலே இல்லை. மூன்றாம் நாள் மீண்டும் மெசேஜ். கேட்டால் "அது ஓட்டோ மெசேஜ் மிஸ், நாங்க ஒண்டும் செய்ய ஏலாது" என்றார்கள். இது பொய் என்று பிறகுதான் விளங்கியது.

வட்ஸ்அப்பில் சின்னக் கடைகள் பெரும்பாலும் பாவிப்பது broadcast list. ஒரே மெசேஜை ஒரு பட்டியலில் உள்ள எல்லாருக்கும் தனித்தனியாக அனுப்புகிற வசதி அது. அதில் ஒரு விதி இருக்கிறது. கடையின் நம்பரை நீங்கள் உங்கள் போனில் சேவ் செய்திருந்தால்தான் அந்த மெசேஜ் உங்களுக்கு வரும். "எங்கட நம்பரை சேவ் பண்ணி வைங்க" என்று ஓடர் எடுக்கும்போதே அன்பாகச் சொல்கிறார்களே, அந்த அன்பின் காரணம் இதுதான். நானும் "அபாயா கடை" என்று சேவ் செய்து வைத்திருந்தேன். கொன்டக்டில் அந்தப் பெயரை அழித்தேன், அன்றிலிருந்து அந்த வரத்து நின்றது. யாரோடும் சண்டை பிடிக்கவில்லை, யாரையும் புளொக் செய்யவும் இல்லை. அந்தப் பட்டியலைக் கடைக்காரர் கையால்தான் தயாரிக்கிறார் என்பதால், ஒரு பெயரை எடுத்துவிடுவதும் அவருக்கு அரை நிமிட வேலை. "ஒண்டும் செய்ய ஏலாது" என்பது அந்த அரை நிமிடச் சோம்பல்.

குரூப்பிலிருந்து வெளியேறினேன். வெட்கப்பட வேண்டாம், நீங்கள் வெளியேறியதாக எல்லாருக்கும் அறிவிப்புப் போகாது, அட்மினுக்கு மட்டும்தான் போகும். அடுத்த முறை யாரும் கேட்காமல் சேர்க்காமல் இருக்க, வட்ஸ்அப்பில் Settings, அதற்குள் Privacy, அதற்குள் Groups போங்கள். அங்கே Everyone என்று இருக்கும். My contacts என்று மாற்றுங்கள். உங்கள் கொன்டக்டில் இல்லாத ஆள் உங்களை நேராகச் சேர்க்க முடியாது, தனியாக அழைப்புத்தான் அனுப்ப முடியும். வருவதும் விடுவதும் உங்கள் விருப்பம். கடையின் நம்பரை அழிக்காமல் இதை மட்டும் செய்தால் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் அவர் இன்னும் உங்கள் கொன்டக்டில்தான் இருப்பார். இதை உங்கள் உம்மாவின் போனிலும் இன்றிரவே செய்து கொடுங்கள். அவர்களுக்குத் தானாகச் செய்யத் தெரியாது.

கோல் மட்டும் நிற்கவில்லை. அதற்காக முழு வாக்கியத்தில் எழுதினேன்: "இந்த நம்பரை உங்கள் விளம்பரப் பட்டியலில் இருந்தும் எல்லாக் குரூப்பில் இருந்தும் அழிக்கவும். இனிமேல் விளம்பர மெசேஜோ கோலோ வேண்டாம். அழித்ததும் பதில் அனுப்பவும்." அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தேன். திகதி அதிலேயே இருக்கும். "ஸ்டொப்" என்றால் இன்றைக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளலாம், இதை அப்படி எடுக்க முடியாது. இரண்டு நாளில் "ஓகே மிஸ்" வந்தது. ஐந்தாம் நாள் அதே கடையின் இரண்டாவது நம்பரிலிருந்து கோல். ஒரு கடைக்கு இரண்டு மூன்று நம்பர் இருக்கும், பட்டியலும் இரண்டு மூன்று பேரின் போனில் இருக்கும் என்பது அப்போதுதான் புத்திக்கு எட்டியது. அந்த ஸ்கிரீன்ஷொட்டை அந்த நம்பருக்கும் அனுப்பினேன். முதலாளியே பேசினார். மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அவர் கேட்டிராவிட்டால் புளொக், அதோடு ரிப்போர்ட். ரிப்போர்ட் செய்தால் கடைசி ஐந்து மெசேஜ் வட்ஸ்அப் கம்பனிக்குப் போகும், செய்தவர் யார் என்று கடைக்குச் சொல்ல மாட்டார்கள். பலர் ரிப்போர்ட் செய்தால் கடையின் நம்பரே முடக்கப்படலாம். விற்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். நூறு பேருக்குத் தொல்லை கொடுத்து இரண்டு ஓடர் எடுக்கப்போய், ஓடர் வருகிற நம்பரையே இழப்பீர்கள். ஆனால் வாங்குகிறவர்களே, பார்சல் கைக்கு வந்து, சைஸ் சரியென்று பார்த்து முடிக்கும்வரை புளொக் செய்யாதீர்கள். எங்கள் மாமி முற்பணம் கட்டிய கையோடு கோபத்தில் புளொக் செய்துவிட்டு, பிறகு பார்சல் எங்கே என்று கேட்க வழியில்லாமல் என்னிடம் வந்தார்.

SMS கதை வேறு. பெரிய கடைகளில் பில் போடும்போது "நம்பர் சொல்லுங்க மிஸ்" என்று கேட்டு வாங்குவதால் வருவது அது. நம்பருக்குப் பதிலாகக் கடையின் பெயரே மேலே வரும். அப்படிப் பெயரில் வரும் மெசேஜுக்கு நேராகப் பதில் அனுப்ப முடியாது, அனுப்பினாலும் போய்ச் சேராது. மெசேஜின் கடைசி வரியில் விலகுவதற்கு ஒரு சொல்லும் ஒரு நம்பரும் இருந்தால், அந்தச் சொல்லை அப்படியே அந்த நம்பருக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயரை போனில் புளொக் செய்யலாம். விலகுவதற்கென்று OTP கேட்டாலோ, வங்கி விபரம் கேட்டாலோ அது கடை இல்லை, கள்ளன். உடனே விட்டுவிடுங்கள். அடுத்த முறை பில் போடும்போது "நம்பர் வேண்டாம் தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். பில் வரத்தான் செய்யும்.

இன்னொன்று, பார்சல் உறை. பெயர், முகவரி, நம்பர் மூன்றும் அதில் ஒட்டியிருக்கும். அப்படியே குப்பையில் போடுகிறோம். கிழித்து அல்லது மார்க்கரால் அடித்துவிட்டுப் போடுங்கள்.

விற்கிற தம்பிமாரிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஓடர் எடுக்கும்போது "புதுசு வந்தால் அறிவிக்கட்டா?" என்று ஒரு வரி கேளுங்கள். வேண்டாம் என்றால், நீங்கள் பாவிக்கிற WhatsApp Business-லேயே லேபிள் போடுகிற வசதி இருக்கிறது. அவருக்கு ஒரு லேபிள் போட்டுப் பட்டியலில் சேர்க்காமல் விடுங்கள். வேண்டும் என்று சொல்கிற முப்பது பேர், சொல்லாத முந்நூறு பேரைவிட நிறைய வாங்குவார்கள்.

நான் வெளியேறிய அந்தக் குரூப் இன்னும் இருக்கிறது. முதலாளி என்னை எடுத்தார், குரூப்பைக் கலைக்கவில்லை. மற்ற 211 பேரின் நம்பரும் இதை எழுதும் இந்த நிமிடம்வரை அதில்தான். இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும் தம்பி. இன்றிரவு கலையுங்கள்.