பி.எஃப். இருக்கிறது என்பவர்களுக்குப் பென்ஷன் இருக்கிறதா?

என்னிடம் படித்து, இப்போது தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் "வயதான காலத்துக்கு என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டால், பெரும்பாலானோர் சொல்லும் பதில், "பி.எஃப். பிடிக்கிறாங்க சார்." அதில் பென்ஷன் எவ்வளவு வரும் என்று அடுத்த கேள்வி கேட்டால் பதில் வராது. நான் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவன். மாதம் பிறந்தால் கருவூலத்திலிருந்து ஓய்வூதியம் வருகிறது, விலைவாசி ஏறினால் அகவிலைப்படியும் ஏறுகிறது. உங்களுடையது அப்படிப்பட்டதல்ல. அதனால்தான் அதன் கணக்கை நீங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்று வையுங்கள். அதில் 12 சதவீதம், 1,800 ரூபாய், உங்களிடம் பிடிக்கிறார்கள். முதலாளியும் 1,800 போடுகிறார். உங்கள் 1,800 முழுவதும் வருங்கால வைப்பு நிதிக்குப் போகிறது. முதலாளியின் 1,800 இரண்டாகப் பிரிகிறது. 8.33 சதவீதமான 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும், மீதி 550 ரூபாய் வைப்பு நிதிக்கும் போகிறது. ஓய்வூதியத்துக்கு மத்திய அரசும் 1.16 சதவீதம் சேர்க்கிறது.

ஆக, ஒரே பி.எஃப். எண்ணுக்குள் இரண்டு தொட்டிகள். வைப்பு நிதித் தொட்டி உங்கள் பெயரில் இருப்பது. ஆண்டுதோறும் வட்டி சேரும் (2024-25-க்கு 8.25 சதவீதம்), ஓய்வின்போது மொத்தமாகக் கைக்கு வரும். அதை மாத வருமானமாக்குவது உங்கள் பொறுப்பு. ஓய்வூதியத் தொட்டி பொதுத் தொட்டி. 1995-ல் வந்த திட்டம். அதில் போகும் 1,250-க்கு உங்கள் பெயரில் வட்டி ஏறாது. பாஸ்புக்கில் அந்தப் பத்தியைப் பார்த்து "வட்டியே போடலையே" என்று பதறுகிறவர்கள் உண்டு. அது தவறல்ல, திட்டமே அப்படித்தான். அங்கிருந்து வருவது நீங்கள் போட்ட தொகையைப் பார்த்து வருவதில்லை. ஒரு சூத்திரத்தின்படி வருகிறது.

கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைப் பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். சராசரி 15,000-க்கு மேல் போகாது, அது உச்சவரம்பு. 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்காலத்துக்கு உச்சவரம்பு 6,500 மட்டும். குறைந்தது 10 ஆண்டு பணி வேண்டும், 58 வயதில் முழு ஓய்வூதியம். 20 ஆண்டு முடித்து 58-ல் ஓய்வு பெற்றால் கணக்கில் 2 ஆண்டு கூடுதலாகச் சேர்ப்பார்கள். 50 வயதுக்குப் பிறகு முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டப்படும், அதுவும் ஆயுள் முழுக்க.

ஒன்றைக் கவனியுங்கள். 15,000 சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுப் பணியும் மாதம் சுமார் 214 ரூபாய் ஓய்வூதியம். உங்கள் சொத்து இங்கே ஆண்டுகள்தான். அவற்றைத்தான் நம் ஆட்கள் வேலை மாறும்போது விற்றுவிடுகிறார்கள்.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 34 வயதில் 15,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் சேர்கிறார். 7 ஆண்டு அங்கே, 8 ஆண்டு அடுத்த இடத்தில், 9 ஆண்டு மூன்றாவது இடத்தில். மொத்தம் 24 ஆண்டு, வயது 58. உச்சவரம்பு மாறவில்லை என்றே வைப்போம். மூன்று வேலையையும் ஒரே கணக்கில் இணைத்து வந்திருந்தால் 24-உடன் 2 சேர்த்து 26. பதினைந்தாயிரத்தை 26-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 5,571 ரூபாய். அவர் இறந்தால் கணவருக்கு அதில் பாதி.

இதே பெண், முதல் வேலையை விட்டதும் 10சி படிவம் போட்டு ஓய்வூதியப் பணத்தை எடுக்கிறார். இரண்டாவது வேலையிலும் அப்படியே. எடுக்கும்போது கிடைப்பது ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். ஏழு ஆண்டுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம். அந்த ஏழு ஆண்டில் 84 மாதம் போன 1,250-ஐக் கூட்டினாலே 1,05,000 வரும். கிட்டத்தட்ட வட்டியே இல்லாமல் திருப்பித் தருகிறார்கள், பதிலுக்கு ஏழு ஆண்டு கணக்கிலிருந்து அழிகிறது. 58 வயதில் அவர் கையில் மிஞ்சுவது கடைசி 9 ஆண்டு மட்டும். பத்து இல்லை, எனவே ஓய்வூதியமே இல்லை. 24 ஆண்டு உழைத்தும் மாதம் ஒரு ரூபாய் கிடையாது.

"எடுத்த பணத்தை நல்ல வட்டிக்குப் போட்டிருந்தால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஓய்வு வரை தொடாமல் வைத்திருந்தால் கணக்கில் அது தோற்காது, வெல்லவும் கூடும். அதே 1,250-ஐ 24 ஆண்டும் வைப்பு நிதி வட்டிக்கே போட்டிருந்தால் 10 லட்சத்தைத் தாண்டும், அதன் வட்டியே மாதம் ஏழாயிரத்துக்கு மேல் வரும். இந்தச் சூத்திரம் நீண்ட காலம் பணிபுரிந்தவருக்குக் கஞ்சத்தனமானது என்பதே என் கருத்து. ஆனால் 10சி-யில் எடுத்த பணம் அப்படி ஓய்வு வரை இருந்ததை நான் பார்த்ததில்லை. பைக்குக்கும் சீட்டுக் கடனுக்கும் போனதைத்தான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இது காப்பீடும் கூட. பணியில் இருக்கும்போது இறந்தால், ஒரு மாதப் பங்களிப்பு இருந்தாலும் துணைக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் உண்டு. தனியாகச் சேமித்த சிறுதொகை அதைச் செய்யாது.

ஆகவே வேலை மாறும்போது எடுக்காதீர்கள், மாற்றுங்கள். புது நிறுவனத்தில் பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள். மாற்றிய பிறகு பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தி பூஜ்யமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வைப்பு நிதிதான் தொகையாக மாறும், ஓய்வூதியத்தில் பணிக்காலம்தான் மாறும். அது சேர்ந்திருக்கிறதா என்று உறுப்பினர் தளத்தில் `View` என்பதன் கீழுள்ள `Service History`-யில் பாருங்கள். பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால் அங்கே தெரியும். அந்த ஒரு தேதி இல்லாததால்தான் பல மாற்றங்கள் நிற்கின்றன. பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்றும் அப்போதே பாருங்கள். 58 வயதில் பழைய நிறுவனத்தைத் தேடிப் போனால் அது மூடியிருக்கலாம்.

2014-க்குப் பிறகு முதன்முதலாக 15,000-க்கு மேல் சம்பளத்தில் சேர்ந்தவர்களுக்கு இந்த ஓய்வூதியத் திட்டமே இல்லை. முதலாளியின் பங்கு முழுதும் வைப்பு நிதிக்கே போகும். உங்களுக்கு மாத வருமானம் வேண்டுமென்றால் நீங்களேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஓய்வூதியம் விலைவாசியோடு ஏறுவதில்லை. குறைந்தபட்சத் தொகை 2014-ல் வைத்த 1,000 ரூபாய். எனக்கு அகவிலைப்படி தருவது நியாயமென்றால், முப்பது வருடம் தறியடியில் நின்றவருக்கு அது இல்லை என்பதற்கு என்ன நியாயம்? அது மாறும்வரை, இருக்கிற ஆண்டுகளை மட்டுமாவது விற்காதீர்கள்.