எல்லாளனின் கதையை எவ்வளவு நம்பலாம்? 600 வருஷம் கழித்து எழுதிய நூலுக்கு மூன்று சோதனைகள்!

அனுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன், துட்டகைமுனுவிடம் தோற்று இறந்தது சுமார் கி.மு. 161-ல். இந்தப் போரை விரிவாகச் சொல்லும் மகாவம்சம் எழுதப்பட்டதோ கி.பி. 5-ம் நூற்றாண்டு வாக்கில். இடையில் 600 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. மகாநாமர் என்ற பிக்கு எழுதியதாகச் சொல்லப்படும் அந்த மூல ஓலையும் இன்று இல்லை. ஓலைச்சுவடி பூச்சி அரித்து, ஈரத்தில் நைந்துபோகும். அதனால் தலைமுறைக்குத் தலைமுறை பார்த்துப் பார்த்து எழுதிய பிரதிகள் மட்டுமே மிச்சம். அப்படியானால், அதில் எதை நம்புவது?

முதல் சோதனை: பிரதி சரியா?

ஒருவர் எழுதும்போது விட்டதை, அவரைப் பார்த்து எழுதியவரும் விட்டிருப்பார். எனவே ஒரே பிழை நூறு பிரதிகளில் இருந்தாலும் அது ஒரு சாட்சிதான். தனித்தனி வழியில் வந்த பிரதிகளை ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்ம் கெய்கர் 1908-ல் வெளியிட்ட பதிப்புக்காக இதைத்தான் செய்தார்.

அவருக்கு ஒரு பழைய உரைநூலும் கைகொடுத்தது. மகாவம்சச் செய்யுள்களுக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட விளக்கம் அது. ஒரு பிரதியில் இருக்கும் செய்யுள், உரைகாரருக்குத் தெரியவே இல்லை என்றால், அது பிறகு நுழைந்ததோ என்று சந்தேகிக்கலாம். கம்போடிய எழுத்தில் கிடைத்த மகாவம்சம், இலங்கைப் பிரதியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு பெரியது. ஒரு நூல் கைமாறும்போது எவ்வளவு வளரும் என்பதற்கு இதுவே சாட்சி.

இரண்டாவது சோதனை: வெளியே சாட்சி உண்டா?

பிரதி சரியாக இருந்தாலும், மூலத்தை எழுதியவரே தவறாக எழுதியிருக்கலாமே? அதற்குத்தான் இது. அசோகர் காலத்தில் இமயமலைப் பகுதிக்குச் சென்ற பிக்குகளில் மஜ்ஜிமர் என்பவரை மகாவம்சம் குறிப்பிடுகிறது. அதற்கும் முந்தைய தீபவம்சம், அவருடன் காசபகோத்தர் பெயரையும் சொல்கிறது.

1851-ல் மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சியிலும் அருகிலுள்ள சோனாரியிலும் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் தூபிகளைத் திறந்தார். உள்ளே அஸ்திப் பேழைகள். அவற்றில் பிராமி எழுத்தில் இதே இரண்டு பெயர்கள்! காசபகோத்தருக்கு ‘இமயப் பகுதி முழுமைக்கும் ஆசான்’ என்ற பட்டம் வேறு.

மூடிய தூபிக்குள் இருந்ததை இலங்கையில் இருந்த பிக்கு பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே அவர் கைக்கு மிகப் பழைய, நம்பகமான குறிப்பு ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால், இந்தச் சாட்சி அந்தப் பெயர்களுக்கு மட்டும்தான். மகிந்தர் வானில் பறந்து இலங்கைக்கு வந்தார் என்று அதே நூல் சொல்வதற்கு இது சாட்சி ஆகாது. சோதித்த வரிக்குத்தான் மதிப்பெண்; மொத்த நூலுக்கும் அல்ல.

மூன்றாவது சோதனை: கதை வளர்ந்திருக்கிறதா?

இப்போது எல்லாளனுக்கு வருவோம். தீபவம்சம் அவன் கதையைச் சில செய்யுள்களில் முடித்துவிடுகிறது. அசேலனைக் கொன்று ஆட்சிக்கு வந்தான், 44 ஆண்டுகள் நீதியாக ஆண்டான். பிறகு துட்டகைமுனு வந்தான். அவ்வளவுதான். மகாவம்சமோ 37 அத்தியாயங்களில் 11-ஐத் துட்டகைமுனுவுக்கே கொடுக்கிறது. போர்க்கள உரையாடல்கள்கூட அதில் வருகின்றன. 600 ஆண்டுக்கு முந்தைய பேச்சை யார் குறித்து வைத்திருப்பார்கள்? கூடுதலாக வந்த அலங்காரங்களைச் சந்தேகத்துடன்தான் படிக்க வேண்டும்.

கன்றைக் கொன்ற மகனுக்கு எல்லாளன் மரண தண்டனை கொடுத்த கதையும் மகாவம்சத்தில் உண்டு. ஆராய்ச்சி மணியை அடிக்கும் பசுவும் அதில் வருகிறது. படித்ததும் திருவாரூர் மனுநீதிச் சோழன் ஞாபகம் வருகிறதா? ஒரே கதை இரண்டு அரசர்களுக்குச் சொல்லப்பட்டால், அது ஊர் ஊராகப் பயணித்த கதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியென்றால் எல்லாளனைப் பற்றி எதுவுமே மிஞ்சாதா? மிஞ்சும். மகாவம்சம் துட்டகைமுனுவைக் கொண்டாடும் நூல். அதுவே, தோற்றவன் நண்பன், பகைவன் பாராமல் நீதி வழங்கினான் என்கிறது. வென்றவன் அவனுக்கு நினைவிடம் எழுப்பி மரியாதை செய்யச் சொன்னான் என்றும் சொல்கிறது. தன் நாயகனின் எதிரியைப் புகழ்வதில் எழுதியவருக்கு லாபம் ஏதும் இல்லை. அவன் நீதியாக ஆண்டதை முந்தைய நூலும் சொல்கிறது. மணி அடித்த பசுவைவிட, எதிர்த் தரப்பு மறைக்காமல் விட்ட இந்தச் செய்திக்குத்தான் எடை அதிகம்.