அம்மாட்ட சிம்மை விட்டிட்டுப் போகாதேங்கோ

எங்கட வட்டத்தில இருந்து கடந்த சில வருசத்தில வெளிநாடு போன ஆக்களை எண்ணத் தொடங்கினா விரல் போதாது. படிக்கப் போனவை, வேலைக்குப் போனவை, கலியாணம் கட்டிப் போனவை. போகேக்க எல்லாரும் ஏறத்தாள ஒரே வேலையைத்தான் செய்தினம்: பழைய பட்டன் போன் ஒண்டைத் தேடி எடுத்து, தங்கட இலங்கைச் சிம்மை அதுக்குள்ள போட்டு, அம்மாட்டக் குடுத்து, "இதில கோட் வந்தா எனக்குச் சொல்லுங்கோ" எண்டு சொல்லிட்டுப் பிளேன் ஏறினவை. இது சரியான ஏற்பாடில்லை எண்டது எங்கட கருத்து. ஏன் எண்டும், வேற என்ன செய்யலாம் எண்டும் கொஞ்சம் விரிவாச் சொல்லப் போறம்.

முதல்ல நேரக் கணக்கு. ரொறன்ரோ குளிர்காலத்தில எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்க ஒருத்தி வேலை முடிஞ்சு வந்து பின்னேரம் ஆறு மணிக்கு, ஊரில இருக்கிற தன்ர வங்கிக் கணக்கில இருந்து தம்பியின்ர ரியூசன் காசை அனுப்ப வெளிக்கிட்டால், சாவகச்சேரியில அப்ப விடியக்காலை நாலரை. கோட் ஒரு சில நிமிசத்துக்குத்தான் செல்லும். அம்மா நித்திரையால எழும்பி, கண்ணாடி தேடி, எந்த மெசேஜ் கடைசியா வந்தது எண்டு பார்த்து வாசிக்க முதல் அது காலாவதி. திருப்பி ஒண்டு கேட்டால், அம்மா இப்ப முதல் வந்ததை வாசிப்பா. புதுசு கேட்ட உடன பழைய கோட் செல்லாமப் போயிடும் எண்டது அவவுக்குத் தெரிய நியாயமில்லை. பிழையான கோட்டை ரெண்டு மூண்டு தரம் அடிச்சால் சில வங்கிகள் கணக்கையே பூட்டி விடும். பூட்டினதைத் திறக்கிறதுக்குக் கிளைக்கு நேர வரச் சொல்லுவினம்.

ஆனா நேரப் பிரச்சினை சின்னப் பிரச்சினைதான். பெரிசு வேற இடத்தில இருக்கு. அந்த மெசேஜ்கள் அனேகமா ஆங்கிலத்தில வரும். அம்மாக்கு அதில விளங்கிறது ஆறு இலக்கம் மட்டும்தான். எதுக்கு வந்த கோட், எவ்வளவு காசு போகுது, ஆருக்குப் போகுது எண்ட விபரம் அதே மெசேஜிலயே இருந்தாலும் அவ அதை வாசிக்கிறேல்லை. போன் அடிக்கும், "கோட் வந்திருக்கு, சொல்லுங்கோ" எண்டு குரல் கேக்கும், அவ சொல்லுவா. மாசத்துக்கு நாலு தரம் இப்பிடி நடந்தால் அது பழக்கமாகிடும். இந்தப் பழக்கத்தைத்தான் மோசடிக்காரர் தேடித் திரியினம். "வங்கியில இருந்து கதைக்கிறம், உங்கட மகளின்ர கணக்கில ஒரு பிரச்சினை, இப்ப வந்த இலக்கத்தைச் சொல்லுங்கோ" எண்டு ஒருத்தன் மரியாதையா, சுத்தத் தமிழில கேட்டால், அம்மா ஏன் சந்தேகப்படப் போறா? கோட்டை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது எண்டு வங்கி ஒவ்வொரு மெசேஜிலயும் எழுதி விடுது. நாங்கள்தான் அம்மாவை உக்கார வச்சு, அதைச் சொல்லப் பழக்கிப் போட்டு வந்திருக்கிறம். பிறகு காசு போனால் "ஏனம்மா சொன்னனீங்கள்" எண்டு அவவோட சண்டை பிடிக்கிறம். அது நியாயமா?

அதால எங்கட நிலைப்பாடு எளிமையானது: சிம் அதின்ர ஆளோட போகவேணும்.

இதுக்குப் பெரிய செலவு இல்லை. நீங்கள் எங்க நிக்கிறியள் எண்டதை, அங்கத்தை வலையமைப்பு எங்கட கொம்பனிக்கு அறிவிக்கும். கொம்பனி அந்தப் பதிவைப் பார்த்து மெசேஜை அங்க திருப்பி விடும். இதுதான் ரோமிங். ரோமிங்கில மெசேஜ் வாங்கிறதுக்கு அனேகமான கொம்பனிகள் காசு எடுக்கிறேல்லை. எடுக்கிறது மெசேஜ் அனுப்ப, கதைக்க, டேட்டா பாவிக்க. முக்கியமா, வாற அழைப்பை எடுத்தாலும் காசு வெட்டும். எண்டபடியா ரெண்டு சிம் போடுற போனில உள்ளூர்ச் சிம்மை டேட்டாக்கு வச்சிட்டு, இலங்கைச் சிம்மில டேட்டா ரோமிங்கை நிப்பாட்டி, அதுக்கு வாற கோலை எடுக்காம விட்டால் போதும். ஐபோன் வச்சிருக்கிறவைக்கு ஒரு சின்னக் குறிப்பு: அந்த இலக்கத்துக்கு ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் நிப்பாட்டி விடுங்கோ. இல்லாட்டி போன் தன்ர பாட்டில இலக்கத்தை உறுதிப்படுத்த வெளிநாட்டுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். அதுக்கான காசு உங்கட மீதியில இருந்துதான் போகும்.

பிழைக்கிற இடம் பெரும்பாலும் விமான நிலையம். ரோமிங்கை ஊரில நிக்கேக்கையே போட்டு, போட்டாச்சு எண்டு கொம்பனியிட்டக் கேட்டு உறுதிப்படுத்தவேணும். போடாமப் போய் இறங்கினால் சிம் அங்க எந்த வலையமைப்பையும் பிடிக்காது. பிடிக்காத சிம்மால வாடிக்கையாளர் சேவைக்கும் அடிக்க ஏலாது. போனவுடன ஊரில இருக்கிற ஒராளை அந்த இலக்கத்துக்கு ஒரு சாதாரண மெசேஜ் அனுப்பச் சொல்லிப் பாருங்கோ. வட்ஸ்அப்பில இல்லை, சாதாரண மெசேஜ். அது வந்தால் பாதி வேலை முடிஞ்சுது. மற்றப் பாதி வங்கிக் கோட். ஏனெண்டால் அது வேற வழியால வாறது, சில நேரம் ஆளின்ர மெசேஜ் வந்தாலும் கோட் வராது. அதையும் முதல் கிழமையே, அவசரமில்லாத ஒரு நாளில சோதிச்சுப் பாருங்கோ. சிம்மை நிப்பாட்டி வச்சிருந்து தேவைக்கு மட்டும் போடுறவை, அது வலையமைப்பைப் பிடிக்கும் வரைக்கும் பொறுத்து, பிறகுதான் கோட் கேக்கவேணும். முதலே கேட்டிட்டுப் போனைப் போட்டால், கோட் காலாவதியானாப் பிறகு வந்து நிக்கும்.

போகிற நாட்டைப் பொறுத்து போனும் மாறும். அவுஸ்திரேலியாவில 2ஜி எப்பவோ போய், 2024 இல 3ஜியும் மூடியாச்சு. அங்க பழைய பட்டன் போனில சிம்மைப் போட்டு வைக்கிற யோசினை சரிவராது, 4ஜி போன்தான் வேணும். பிரித்தானியாவில 3ஜியை நிப்பாட்டி வந்தாலும் 2ஜி இன்னும் ஓடுது, அங்க பழைய போனும் சமாளிக்கும். கொண்டு போற போனைத் தெரிவு செய்ய முதல் இதைப் பாருங்கோ.

இனி சிம் சாகிற கதை. முற்கொடுப்பனவு இலக்கம் எங்கட சொத்தில்லை, ரீலோட் போடும் வரைக்கும் எங்களிட்ட விட்டு வச்சிருக்கிற வாடகைச் சாமான். ரீலோட் போடாம விட்டால் பொதுவா முதல்ல வெளிய போற அழைப்பு நிக்கும், பிறகு உள்ள வாறதும் நிக்கும், அதுக்குப் பிறகு இலக்கம் திரும்பக் கடைக்கு வந்திடும். எத்தினை நாளில எண்டது கொம்பனிக்குக் கொம்பனி வேற. போக முதல் உங்கட பொதிக்கு என்ன கணக்கு எண்டு கேட்டு எழுதி வச்சுக்கொள்ளுங்கோ. டேட்டாப் பொதி போட்டால் அது செல்லுபடிக் காலத்தை நீட்டுமா, வெறும் ரீலோட்தான் நீட்டுமா எண்டதையும் சேர்த்துக் கேளுங்கோ. பிறகு போனில ஒரு நினைவூட்டல், அந்தத் திகதிக்கு ரெண்டு கிழமை முன்னுக்கு. காசைக் கொம்பனியின்ர செயலியால அங்க இருந்தே போடலாம், இல்லாட்டி தம்பியைச் சந்திக் கடையில போடச் சொல்லலாம். தம்பிக்கு இந்த வேலையைக் குடுக்கலாம், ஏனெண்டால் ரீலோட் போட கோட் ஒண்டும் தேவையில்லை.

இலக்கம் கைமாறினால் என்ன நடக்கும் எண்டது இங்க இருக்கிற எங்களுக்கு மற்றப் பக்கத்தால தெரியும். புதுச் சிம் ஒண்டு வாங்கினால் முதல் கிழமையே ஆரோ ஒருத்தற்றை வங்கி மெசேஜ், ஆரோ ஒரு பிள்ளையின்ர பள்ளிக்கூட அறிவித்தல், "மச்சான் எப்ப வாறாய்" எல்லாம் வரும். நாங்கள் கள்ளரில்லை, அழிச்சுப் போட்டு விடுவம். எல்லாரும் அப்பிடி அழிப்பினம் எண்டு உங்கட கணக்கை நம்பி விடலாமா? வட்ஸ்அப்பும் அப்பிடித்தான். புது ஆள் அந்த இலக்கத்தைப் பதிஞ்சால் உங்கட குழுக்களுக்க அவர் வந்து நிப்பார். அதைத் தடுக்க ரெண்டாம் படிப் பாதுகாப்புக்கான ஆறு இலக்கப் பின்னைப் போட்டு வைக்கலாம். ஆனா அது கொஞ்சக் காலத்துக்குத்தான் தாங்கும், இலக்கம் உண்மையாவே போனால் வட்ஸ்அப்பைப் புது இலக்கத்துக்கு மாத்திறதுதான் வழி.

எங்களைக் கேட்டால், சிம்மை உயிரோட வச்சிருக்கிறதை விட அதில தொங்கிற கணக்குகளைக் குறைக்கிறதுதான் புத்தி. ஊரில இருக்கேக்கையே ஒரு பின்னேரம் இருந்து, கூகிள், ஃபேஸ்புக் மாதிரியானதுகளைக் கோட் உருவாக்கும் செயலிக்கு மாத்துங்கோ. அது முப்பது செக்கனுக்கு ஒருக்கா போனுக்குள்ளயே ஒரு இலக்கத்தைச் செய்யும், சிக்னலும் வேண்டாம், இணையமும் வேண்டாம். கூகிள் தாற மீட்புக் கோட்களைக் கடுதாசியில எழுதிப் பெட்டிக்குள்ள வையுங்கோ. மிஞ்சிறது அனேகமா வங்கி மட்டும்தான். மின்னஞ்சலுக்கும் கோட் அனுப்பலாமா, வெளிநாட்டு இலக்கத்தைப் பதியலாமா எண்டு கிளையில கேளுங்கோ. சில வங்கிகள் ஓமெண்டும், சிலது ஏலாதெண்டும் சொல்லும், ஒரே வங்கியில ரெண்டு கிளை ரெண்டு விதமாச் சொல்லுறதையும் கண்டிருக்கிறம். சிங்கப்பூரில 2024 இல, வங்கிச் செயலியிலயே உறுதிப்படுத்தும் வசதியை எடுத்த வாடிக்கையாளருக்கு மெசேஜ் கோட்டால உள்நுழையிறதை நிப்பாட்டச் சொல்லி அங்கத்தை நாணய அதிகாரசபை அறிவிச்சது. அனுப்பிற காசை எல்லாம் வாங்கிற எங்கட நாட்டு வங்கிகளும், அனுப்பிற ஆள் ஊரில இல்லை எண்டதை ஒருக்கா யோசிச்சால் நல்லம்.

கடைசியா ஒண்டு. எங்களில கனபேற்றை சிம் எங்கட பேரிலயே இல்லை. பதினாறு வயசில அப்பாவின்ர அடையாள அட்டையில எடுத்தது. போக முதல் இதை உங்கட பேருக்கு மாத்துங்கோ எண்டுதான் சாதாரணமாச் சொல்லுவினம், வங்கிக் கணக்கோட பார்த்தால் அதுதான் ஒழுங்கும். ஆனா இதில ஒரு வேடிக்கை இருக்கு. சிம் துலைஞ்சாலோ பழுதாப் போனாலோ புதுசு எடுக்க, பேருக்குரிய ஆள் அடையாள அட்டையோட நேர போகவேணும். நீங்கள் மெல்பேர்னில நிக்கிறியள், அப்பா வவுனியாவில நிக்கிறார். அவற்றை பேரில இருந்தால் அவரே போய் எடுக்கலாம், உங்கட பேரெண்டால் கடிதம், கையொப்பம் எண்டு அலைச்சல். அப்பா நம்பிக்கையான ஆளெண்டால் அப்பிடியே விடுறதும் ஒரு தெரிவுதான். எடுத்த சிம்மை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போற ஆரிட்டையும் குடுத்து விடலாம். குடுக்க முதல் அப்பா அதை ஒருக்காப் போனில போட்டு, ரோமிங்கும் போட்டு, ஒரு மெசேஜ் வருதோ எண்டு பார்த்திட்டுக் குடுக்கட்டும்.