17-ம் நம்பரின் மார்க்கு

போன வாரம் ஒரு நாள் மாலை, அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தபோது டெலிபோன் மணி அடித்தது. அடுத்த தெரு டீச்சர் அம்மாள்தான். "மாமி, எனக்கு நூற்றிரண்டு டிகிரி ஜுரம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு மார்க்குகளுக்கு நாளைக் காலைக்குள் கிரேடு போட்டாக வேண்டும். தாளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன், கொஞ்சம் போட்டுக் கொடுங்களேன்" என்றாள். இது என்ன பிரமாதம் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். உட்கார்ந்த பிறகல்லவா தெரிந்தது!

அட்டவணை நம் வீட்டுக் குழந்தைகளின் ரிப்போர்ட்டுகளில் நீங்கள் பார்த்திருக்கக்கூடியதுதான். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் வழங்குவது. 91 முதல் 100 வரை ஏ1. 81 முதல் 90 வரை ஏ2. அப்படியே பத்துப் பத்தாக இறங்கி பி1, பி2, சி1 ஆகி, 41 முதல் 50 வரை சி2. அதற்குக் கீழே 33 முதல் 40 வரை டி. 32-ம் அதற்குக் கீழும் ஈ. தாளில் பெயருக்கு நேரே மூன்று கட்டங்கள்: எழுத்துப் பரீட்சைக்கு 80, பள்ளியில் ஆண்டு முழுவதும் போட்டதற்கு 20, கடைசியில் கூட்டுத்தொகை.

17-ம் நம்பர் பெண்ணுக்கு எழுத்துப் பரீட்சையில் 53 என்று படித்தேன். அதோடு 16 சேர்த்தால் 69. பி2 என்று எழுதிவிட்டேன். கூட்டுத்தொகைக் கட்டத்தில் படம் பிடித்தவளின் கட்டைவிரல் நிழல் விழுந்து முதல் இலக்கத்தை மறைத்திருந்தது. இரண்டாவது இலக்கம் மட்டும் தெரிந்தது: 4. அறுபத்தொன்பதில் 4 எங்கே வரும்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 3 என்று நினைத்தது 8. இடப்பக்கத்து மை மங்கலாயிருந்தது, அவ்வளவுதான். 58-ம் 16-ம் 74. பி1! ஒரு கோட்டு மை குறைந்ததால் ஒரு குழந்தையின் கிரேடு இறங்க இருந்தது. அதன் பிறகு கூட்டுத்தொகையோடு ஒத்துப் பார்க்காமல் ஒரு வரியையும் நான் விடவில்லை.

அதற்குள் இன்னொரு வம்பு. வகுப்பில் 38 பேர். கீழே வந்து பார்த்தால் 38-ம் நம்பருக்கு மார்க்கே மிச்சமில்லை! 23-ம் நம்பர் பையன் பரீட்சைக்கு வரவில்லை. அவனுக்கு நேரே ஒரு சிறு கோடுதான் போட்டிருந்தது. படம் சாய்வாக இருந்ததால் அது என் கண்ணில் படாமல், 24-ம் நம்பரின் மார்க்கை அவனுக்குக் கொடுத்து, அங்கிருந்து எல்லோரையும் ஒரு படி ஏற்றியிருக்கிறேன். மறுபடி ஓர் அட்டையை வரிக்கு அடியில் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து எழுதினேன். வராதவனுக்குப் பூஜ்யம் போட்டு ஈ கொடுக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு டீச்சருக்குக் குறிப்பு எழுதினேன்.

அப்புறம் அரை மார்க்கு. ஒரு பையனுக்கு 74.5-ம் 16-ம் சேர்ந்து 90.5. அட்டவணையிலோ 90-க்கு அப்புறம் 91. நடுவில் ஒன்றும் இல்லை. நாமாக முடிவு செய்யக்கூடாது என்று டீச்சரைக் கேட்டேன். அரை வந்தால் மேலே ஏற்றுவது அவர்கள் பள்ளி வழக்கமாம். ஆகவே 91, ஏ1. அடுத்தவனுக்கு 74.5-ம் 15.5-ம். இவனுக்கு இரண்டையும் தனித்தனியே ஏற்றி 75, 16 என்று கூட்டினால் 91 வரும். ஆனால் உள்ளபடி கூட்டினால் சரியாக 90. இவன் ஏ2-தான். ஏற்றுவதைக் கூட்டி முடித்த பிறகு ஒரே தடவைதான் செய்ய வேண்டும். இதே வழக்கம் கீழ்க்கோடியிலும் உண்டு: 32.5 எடுத்த குழந்தை 33 ஆகி டிக்கு வந்துவிடும்.

உங்கள் வீட்டுக்கு 80-க்கு மட்டும் மார்க்குப் போட்ட தாள் வந்தால், அட்டவணையை அப்படியே பார்த்துவிடாதீர்கள். 66 என்றிருந்தால் பி2 அல்ல. 66-ஐ நூறால் பெருக்கி எண்பதால் வகுத்தால் 82.5, அது ஏ2. தெரியாமல் குழந்தையைக் கடிந்துகொண்ட தாய்மார்களை எனக்குத் தெரியும். (அவர்களில் நானும் ஒருத்தி.)

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு வேறு சமாசாரம். அங்கே இந்த அட்டவணை செல்லாது. ஒரு பாடத்தில் தேறியவர்களை மார்க்கு வரிசையில் நிறுத்தி, முதல் எட்டில் ஒரு பங்குக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்குக்கு ஏ2 என்று போடுகிறார்கள். அதனால் ஒரே மார்க்குக்கு ஒரு பாடத்தில் ஒரு கிரேடும் வேறு பாடத்தில் வேறு கிரேடும் வரலாம். டீச்சர் அம்மாளின் தாளை வைத்து அதைக் கணக்குப் போட முடியாது.

ராத்திரி பத்தரை மணிக்குப் பட்டியலை அனுப்பினேன். ரசம் எப்போதோ சுண்டிப் போயிருந்தது.