14 வாரம் லாபம்... ஒரே நாளில் காலி! ஆப்ஷன் விற்பவர்களுக்கு 2024 ஜூன் 4-ல் நடந்தது என்ன?

ஆப்ஷன் வாங்கினால்தான் நஷ்டம், விற்றால் மாசாமாசம் வருமானம் என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்ன என்பதை 2024 மக்களவைத் தேர்தல் ரிசல்ட் நாள் காட்டியது.

லாபம் எங்கிருந்து வருகிறது?

ஆப்ஷன் என்பது கிட்டத்தட்ட இன்சூரன்ஸ். சந்தை விழுந்தால் நஷ்டம் வரக்கூடாது என்று நினைப்பவர் பிரீமியம் கட்டி புட் ஆப்ஷன் வாங்குகிறார். விற்பவர் அந்தப் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு ரிஸ்க்கை ஏற்கிறார்.

சந்தை இனி எவ்வளவு ஆடும் என்ற எதிர்பார்ப்பு அந்த பிரீமியத்துக்குள் இருக்கும். இதுதான் இம்ப்ளைடு வாலட்டிலிட்டி. நிஃப்டி ஆப்ஷன் விலைகளை வைத்து, அடுத்த 30 நாளுக்கு இதைச் சொல்லும் எண்தான் இந்தியா விக்ஸ். பிறகு சந்தை உண்மையில் ஆடிய அளவு, ரியலைஸ்டு வாலட்டிலிட்டி.

விக்ஸை 16-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கான எதிர்பார்ப்பு தோராயமாகக் கிடைக்கும். விக்ஸ் 16 என்றால் தினம் சுமார் 1% ஆட்டம். ஆனால் சாதாரண நாட்களில் சந்தை அதைவிடக் குறைவாக, உதாரணத்துக்கு 0.75%தான் ஆடும். இந்த இடைவெளிதான் விற்பவரின் வருமானம்.

இந்த இடைவெளி ஏன் மறையாமல் இருக்கிறது? பயப்படுபவர்கள் பாதுகாப்புக்காக கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கத் தயார். விற்பவருக்கு அடி விழுவதோ எல்லோருக்கும் பணம் போகிற அதே மோசமான நாளில். கூடுதல் கூலி இல்லாமல் அந்த வேலையை யார் செய்வார்கள்?

அந்த மூன்று நாட்கள்

2024 ஜூன் 1 மாலை எக்ஸிட் போல் முடிவுகள் வந்தன. ஜூன் 3 அன்று நிஃப்டி 3.25% ஏறி 23,263.90-ல் முடிந்தது. இனி பயமில்லை என்று சந்தை நினைத்ததால் விக்ஸ் 21-ஐ ஒட்டி இறங்கியது. கணக்குப்படி ஒரு நாளுக்கு சுமார் 1.3%. இது 30 நாள் சராசரி. ரிசல்ட் நாளுக்கு இன்னும் அதிகமாகவே எதிர்பார்த்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், நடந்தது வேறு.

ஜூன் 4 அன்று நிஃப்டி 5.93% சரிந்து 21,884.50-ல் முடிந்தது. நடுவில் 21,281 வரை போனது.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஒருவர் ஜூன் 3 அன்று, ஜூன் 6-ல் முடியும் 22,500 புட்டை 80 ரூபாய்க்கு விற்றார். அப்போது ஒரு லாட் 25. கைக்கு வந்தது 2,000 ரூபாய். ரிசல்ட் நாளின் அடிமட்டத்தில் அந்த புட்டின் மதிப்பு குறைந்தது 1,219 ரூபாய். அங்கே வெளியேறினால் நஷ்டம் 28,000 ரூபாய்க்கு மேல். அதாவது 14 வார வருமானம் சில மணி நேரத்தில் போய்விடும். பயம் கூடும்போது ஆப்ஷன் விலை இன்னும் ஏறும் என்பதால் உண்மையான நஷ்டம் இதைவிட அதிகமாகவே இருக்கும்.

இதுதான் ட்விஸ்ட்

ஜூன் 6 அன்று நிஃப்டி 22,821-ல் முடிந்தது. அதாவது அந்த 22,500 புட் கடைசியில் பூஜ்யம்! எக்ஸ்பைரி வரை வைத்திருந்தவருக்கு முழு 2,000 ரூபாயும் லாபம்.

அப்படியானால் நஷ்டம் யாருக்கு? சந்தை விழும்போது விற்றவரிடம் கேட்கும் மார்ஜினும் ஏறும். கையில் உள்ள பணத்துக்கு எத்தனை லாட் முடியுமோ அத்தனையையும் விற்றவரால் அதைக் கட்ட முடியாது. புரோக்கர் கட்டாயமாக பொசிஷனை முடிப்பார், அதுவும் மிக மோசமான விலையில். குறைவாக விற்று, பணத்தை மிச்சம் வைத்திருந்தவர் மட்டுமே தாக்குப்பிடிக்க முடியும். ஆனால் இரண்டே நாளில் சந்தை மீண்டது அதிர்ஷ்டம். ஒவ்வொரு முறையும் அப்படி நடக்காது.

எதைப் பார்க்க வேண்டும்?

'100-ல் 90 முறை ஜெயித்தேன்' என்று யாராவது சொன்னால், தோற்ற 10 முறையில் எவ்வளவு போனது என்று கேளுங்கள். ஒரு பெரிய சரிவையும் பார்க்காத கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

விற்கும்போதே இன்னும் கீழே உள்ள ஒரு புட்டை வாங்கி வைத்தால், லாபம் குறையும். ஆனால் அதிகபட்ச நஷ்டம் எவ்வளவு என்பது முன்பே தெரிந்துவிடும். செபியும் 2024 நவம்பர் 20 முதல், எக்ஸ்பைரி நாளில் இண்டெக்ஸ் ஆப்ஷன் விற்றவர்களுக்கு 2% கூடுதல் மார்ஜின் விதித்தது.

(இது தகவலுக்காக மட்டுமே, முதலீட்டு ஆலோசனை அல்ல.)