ஆறு எப்படி எட்டாகிறது?



சென்ற மாதம் நம் இதழுக்கு வந்த ஒரு கடித உறைக்குள் மடித்து வைத்த மருந்து அட்டைப்பெட்டி ஒன்றும் இருந்தது. எழுதியவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. பெட்டியில் காலாவதி ஆண்டு 2028 என்று படித்துவிட்டு நிம்மதியாக அலமாரியில் வைத்திருக்கிறார். விடுமுறைக்கு வந்த பேத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, “பாட்டி, இது 2026” என்றிருக்கிறாள். “என் கண்ணில் கோளாறா, எழுத்தில் கோளாறா? அச்சோடு பழகுகிறவர்கள் நீங்கள், சொல்லுங்களேன்” என்று கேட்டிருந்தார்.

பெட்டியை மேசை விளக்கின் அடியில் வைத்து, புரூஃப் பார்க்கும் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். அந்த 6-இன் வால் மேலே வளைந்து, பிறகு உள்பக்கமாகச் சுருண்டு, கீழே உள்ள வட்டத்தைத் தொடுகிற தூரத்துக்கு வந்து நின்றது. நடுவில் இருக்க வேண்டிய மயிரிழை இடைவெளியை மை ஏறக்குறைய மூடிவிட்டிருந்தது. வாய் மூடிய ஆறு எட்டுதான். அதன் கீழே, மருந்தை எங்கே வைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதில் ‘இ’ என்ற சின்ன எழுத்து வரும் இடமெல்லாம் ஒரு கறுப்புப் பொட்டு.

எழுத்து பொடியாக இருந்ததுதான் காரணம் என்று அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் அதே பெட்டியின் பக்கவாட்டில் இன்னொரு வரி இருந்தது. வேறு எழுத்துரு, அளவு ஏறக்குறைய அதேதான். அதைக் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது. ஒரே அட்டை, ஒரே மை, ஒரே பொடி அளவு. ஒன்று தெரிகிறது, ஒன்று தெரியவில்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இந்தப் பக்கத்தில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ‘பாயின்ட்’ என்ற அளவைப் பற்றி. ‘8 பாயின்ட் எழுத்து’ என்றால் எழுத்தின் உயரம் 8 பாயின்ட் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஈய அச்சுக் காலத்தில் எழுத்து ஒரு உலோகக் கட்டையின் தலையில் இருந்தது. பாயின்ட் அந்தக் கட்டையின் அளவு. கட்டைமேல் எழுத்து எவ்வளவு இடத்தை நிரப்புகிறது என்பது வரைந்தவரின் முடிவு. கணினி வந்து கட்டை போய்விட்டது, கணக்கு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அதனால்தான் ஒரே 8 பாயின்டில் ஒரு எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரிகிறது.

ஆகவே, ஆங்கில எழுத்துருவில் உண்மையான அளவு வேண்டுமென்றால் சின்ன ‘எக்ஸ்’ எழுத்தின் உயரத்தைப் பார்க்க வேண்டும். ‘எக்ஸ் உயரம்’ என்றே அதற்குப் பெயர். ஏன் எக்ஸ்? அதன் தலையும் காலும் தட்டையாக இருக்கின்றன. ‘ஓ’ போன்ற வட்ட எழுத்துகள் மேலும் கீழும் கோட்டை இம்மியளவு தாண்டும்படி வரையப்படுகின்றன. அப்படி வரையாவிட்டால் பக்கத்து எழுத்தைவிடக் குட்டையாகத் தெரியும். ஆங்கிலப் பக்கம் ஒன்றில் பெரும்பாலான எழுத்துகள் சின்ன எழுத்துகள்தான், அவற்றின் உடல் முழுக்க இந்த எக்ஸ் உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. கண் மேய்கிற இடம் அந்தப் பட்டைதான்.

இரண்டு பழகிய எழுத்துருக்களை எடுத்துக்கொள்வோம். லண்டனின் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்காக உருவாகி 1932-இல் அதில் அச்சேறியது டைம்ஸ் நியூ ரோமன். கணினித் திரைக்காக மேத்யூ கார்ட்டர் வரைந்து 1996-இல் வந்தது வெர்தானா. டைம்ஸில் எக்ஸ் உயரம் கட்டை அளவில் சுமார் 45 சதவீதம், வெர்தானாவில் சுமார் 55 சதவீதம். 8 பாயின்ட் என்பது 2.8 மில்லிமீட்டர். அதில் டைம்ஸின் எக்ஸ் ஏறக்குறைய 1.26 மில்லிமீட்டர், வெர்தானாவின் எக்ஸ் 1.54 மில்லிமீட்டர். டைம்ஸை அந்த உயரத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 10 பாயின்ட் வரை ஏற்ற வேண்டியிருக்கும்.

இந்தப் பத்திலொரு பங்கு மில்லிமீட்டர்களில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். நிறைய வருகிறது. கார்டன் லெக் என்ற பார்வை ஆய்வாளரும் சார்லஸ் பிகிலோ என்ற எழுத்துரு வடிவமைப்பாளரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், தடங்கலில்லாமல் வேகமாகப் படிக்க எக்ஸ் உயரம் கண்ணில் குறைந்தது 0.2 டிகிரி கோணமாவது எடுக்க வேண்டும் என்றார்கள். கையில் பிடித்துப் படிக்கும் 40 சென்டிமீட்டர் தூரத்தில் அது 1.4 மில்லிமீட்டர். அதற்குக் கீழே போனால் படிக்கவே முடியாது என்பதில்லை, வேகம் சரியத் தொடங்கும். நம் 8 பாயின்ட் கணக்கைத் திரும்பப் பாருங்கள். டைம்ஸ் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது, வெர்தானா மேலே நிற்கிறது. இதுவும் நல்ல பார்வை உள்ளவர்களுக்கான கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு உணவு லேபிள் விதி பாயின்டைக் கணக்கில் எடுக்கவே இல்லை. கட்டாயத் தகவல்களுக்கு எக்ஸ் உயரம் 1.2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது, மிகச் சிறிய பொட்டலங்களுக்கு 0.9. விதி எழுதியவர்கள் சரியான இடத்தில் அளவுகோலை வைத்திருக்கிறார்கள்.

உயரம் மட்டும் போதுமா என்றால், போதாது. நம் ஆறு எட்டானதற்கு உயரம் காரணமே இல்லை. அங்கே செத்துப்போனது எழுத்துக்குள் இருந்த வெள்ளை. ‘ஓ’வின் நடுவே அடைபட்ட வெள்ளை, ‘இ’யின் மேல்பாதியில் கண்போல இருக்கும் வெள்ளை, ‘என்’னின் இரு கால்களுக்கு நடுவே உள்ள வெள்ளை, இவற்றையெல்லாம் அச்சுக்காரர்கள் கவுன்ட்டர் என்பார்கள். எழுத்தின் வயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சி’, ‘இ’, ‘எஸ்’, 6, 9 போன்றவற்றில் அந்த வெள்ளை வெளியே வரும் வழியும் உண்டு, அது வாய். வயிறு விசாலமாகவும் வாய் அகலத் திறந்தும் இருந்தால் எழுத்து தாங்கும்.

எதைத் தாங்கும்? மங்கலை. எழுத்தைச் சின்னதாக்கினால் அதன் கோடு, வெள்ளை எல்லாம் கூடவே சின்னதாகும். மையின் கசிவு மட்டும் சின்னதாகாது, கண்ணின் மங்கலும் அப்படித்தான். ஒரு தாளில் மை ஒவ்வொரு ஓரத்திலும் 0.03 மில்லிமீட்டர் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வெள்ளை இடைவெளிக்கு இரண்டு ஓரம், ஆக இழப்பு 0.06. 12 பாயின்ட் எழுத்தில் அந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றால் எட்டில் ஒரு பங்கு போகும், யாரும் கவனிக்கமாட்டார்கள். அதே எழுத்தை 4 பாயின்டுக்குக் குறைத்தால் இடைவெளி 0.17-க்கு வந்துவிடும், இழப்பு அதே 0.06. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. முதலிலேயே குறுகலாக வரைந்த வாயாக இருந்தால் மிச்சம் ஏறக்குறைய எதுவும் இருக்காது. ஆசிரியை அனுப்பிய பெட்டியில் நடந்தது இதுதான். வயது ஏற ஏறக் கண்ணின் பங்குக்கும் கொஞ்சம் மங்கல் கூடும். பேத்திக்குத் தெரிந்த கடைசி மயிரிழை பாட்டிக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்ட ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் தொலைபேசி டைரக்டரிகளை 1930-களின் பிற்பகுதியிலிருந்து பெல் காதிக் என்ற எழுத்துருவில் அச்சிட்டு வந்தது. அது ஈய அச்சுக்காக சான்சி கிரிஃபித் வரைந்தது. பிறகு ஒளியால் எழுத்துக் கோக்கும் இயந்திரமும் அதிவேக ஆஃப்செட்டும் வந்தபோது அதன் கோடுகள் மெலிந்து அறுந்தன. அதைச் சரிக்கட்ட மையைக் கூட்டினார்கள், கூட்டியதும் எழுத்துகள் அடைத்துக்கொண்டன. டைரக்டரியில் 6 எட்டானால் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் மணி அடிக்கும். புதிய எழுத்துரு வரையும் பொறுப்பு மேத்யூ கார்ட்டரிடம் வந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து வெர்தானா வரைந்த அதே கார்ட்டர்தான். 1978-இல் பெல் சென்டென்னியல் தயாரானது.

வரிக்கு அதிக எழுத்துகள் பிடிக்க வேண்டும், பொடி அளவிலும் தெளிவு குறையக் கூடாது, இரண்டுமே கேட்கப்பட்டன. கார்ட்டர் எக்ஸ் உயரத்தைக் கூட்டினார், எழுத்துகளைக் கொஞ்சம் ஒடுக்கினார், வயிறுகளைத் திறந்துவிட்டார். இன்னொன்றும் செய்தார். இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலைகளில்தான் மை தேங்கும், ஆகவே அந்த மூலைகளில் முன்கூட்டியே ஆழமான வெட்டுகள் வைத்தார். மை வந்து அந்த வெட்டை நிரப்பும், மூலை ஒழுங்காகிவிடும். பெல் சென்டென்னியலைப் பெரிய அளவில் அச்சிட்டுப் பார்த்தால் எலி கடித்த மாதிரி இருக்கும். 6 பாயின்டில் மலிவான தாளில் அந்தக் கடியெல்லாம் மறைந்து சுத்தமான எழுத்து நிற்கும். அவர் எழுத்தை மட்டும் வரையவில்லை, மை என்ன செய்யும் என்பதையும் சேர்த்து வரைந்தார் என்றுதான் நான் சொல்வேன்.

அப்படியானால் எக்ஸ் உயரத்தை ஏற்றிக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். போக முடியாது. சின்ன ‘என்’னுக்கும் சின்ன ‘ஹெச்’சுக்கும் உள்ள வித்தியாசம் மேலே நீளும் ஒரு குச்சிதான். உடல் பெரிதாகப் பெரிதாகக் குச்சிக்கு இடம் குறையும், குட்டையான குச்சியுள்ள ‘ஹெச்’சைக் கண் ‘என்’ என்று படித்துவிடும். வரிகளுக்கு நடுவே இருந்த வெள்ளையும் சுருங்கும், ஆகவே இப்படிப்பட்ட எழுத்துருவுக்கு வரி இடைவெளி சற்றுக் கூடுதலாக விட வேண்டும். வெர்தானா அகலமும் கூட, குறுகிய பத்தியில் வரிக்குச் சில எழுத்து குறைவாகத்தான் பிடிக்கும்.

நம் தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. ஆனால் ப, ட, க நிற்கும் உயரம் ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே கீயின் வளைவு, அதற்குக் கீழே மு, கு ஆகியவற்றின் வால். கட்டையில் ‘ப’ எவ்வளவு உயரம் எடுக்கிறது என்று அளந்தால் நமக்கும் அதே கணக்கு வந்துவிடும். ‘ப’வும் ‘ட’வும் இயல்பிலேயே வாய் திறந்தவை, எவ்வளவு சின்னதானாலும் தப்பித்துக்கொள்ளும். ஆபத்தெல்லாம் சுழிகளில். ரெண்டு சுழி ‘ன’, மூணு சுழி ‘ண’ என்று எண்ணிப் படித்த நமக்கு, சுழிக்குள் மை புகுந்தால் எண்ண ஒன்றும் இருக்காது. மனம் மணமாகும். கீயின் மேல்சுழி அடைத்துக்கொண்டால் கீரிக்கும் கிரிக்கும் வித்தியாசமில்லை. ‘செ’யையும் ‘சே’யையும் பிரிப்பதும் கொம்பின் மேலே உள்ள ஒரு குட்டிச் சுழிதான்.

இதை எழுதிய கையோடு நம் இதழின் கடைசிப் பக்கக் குறிப்புகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நான்கு இடங்களில் ‘ண’வின் நடுச்சுழி மூடியிருந்தது. இந்த இதழிலிருந்து அந்தக் குறிப்புகள் வேறு எழுத்துருவில் வருகின்றன. பாயின்ட் அளவைக் கூட்டவில்லை. ‘ப’ கொஞ்சம் உயரம், சுழிகள் விசாலம், வரி இடைவெளி அரை பாயின்ட் அதிகம். அதற்காக ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு வரியைக் குறைத்திருக்கிறோம்.

ஆசிரியைக்குப் பதில் போட்டுவிட்டேன். கண்ணுக்கும் சிறு பங்கு உண்டு, பெரிய கோளாறு எழுத்தில்தான் என்று எழுதியிருக்கிறேன். பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. அது எங்கள் வடிவமைப்பாளரின் மேசையில், கணினித் திரைக்குப் பக்கத்தில், 2026 தெரியும்படி நிற்கிறது.


ஆசிரியர்